அந்த ஐந்து வரிகள்

கப்பலூரில் ஒரு ரப்பர் கம்பெனியின் மனிதவளப் பிரிவில் இருந்தபோது, மேலாளர்கள் எழுதும் ஆண்டு மதிப்பீடுகளை ஊழியர் கைக்குப் போகும் முன் படித்துப் பார்ப்பது என் வேலை. ஒரு ஏப்ரலில் டிஸ்பேட்ச் பிரிவுப் பெண் ஒருவரைப் பற்றி வந்த ஐந்து வரிகள் இவை: "கடின உழைப்பாளி. எல்லோரிடமும் இனிமையாகப் பழகுவார். முன்முயற்சி போதாது. சில நேரம் உணர்ச்சிவசப்படுகிறார். குடும்பச் சூழலால் கூடுதல் பொறுப்பு ஏற்பது கடினம்." மதிப்பெண் ஐந்துக்கு மூன்று.

படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அவர் என்ன செய்தார் என்பது ஒரு வரியிலும் இல்லை. பெயரை எடுத்துவிட்டால் யாருக்கு வேண்டுமானாலும் பொருந்தும்.

நானே திருத்தி எழுதவில்லை. நடந்தது எனக்குத் தெரியாது. அழகாக எழுதினால் அது என் கற்பனையாகிவிடும். மேலாளரிடம் போய் ஒவ்வொரு வரிக்கும் ஒரு சம்பவம் கேட்டேன். "எல்லாருக்கும் இப்படித்தானம்மா எழுதுறது" என்றார்.

உணர்ச்சிவசப்பட்டது எப்போது? மார்ச்சில் ஒரு நாள். கடைசி நேரத்தில் லாரியை மாற்றியிருக்கிறார்கள். சரக்கோடு போக வேண்டிய இ-வே பில்லில் பழைய வண்டி எண்ணே இருந்திருக்கிறது. அப்படியே போனால் வழியில் வண்டியை நிறுத்திவிடுவார்கள். எண்ணை மாற்றும்வரை வண்டியை விட மாட்டேன் என்று டிரான்ஸ்போர்ட் ஆளிடம் சத்தம் போட்டிருக்கிறார். செய்தது சரியான வேலை. அப்புறம் அதே மேலாளர் எழுதிய மற்ற மதிப்பீடுகளை எடுத்துப் பார்த்தேன். அதேபோல் சத்தம் போடும் ஆண் சூப்பர்வைசருக்கு "கறாரானவர்" என்று எழுதியிருந்தார். இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, அந்த வரியை மேலாளரே அடித்தார். அது மார்ச்சில் நடந்ததால்தான் நினைவில் நின்றது. முந்தைய பதினோரு மாதங்களைப் பற்றிக் கேட்டதற்கு அவரால் சட்டென்று எதுவும் சொல்ல முடியவில்லை.

குடும்ப வரிக்கு, "எந்தப் பொறுப்பைக் கொடுத்து அவர் மறுத்தார்?" என்று கேட்டேன். எதையும் கொடுக்கவில்லை, மேலாளராகவே நினைத்துக்கொண்டது. அதை எடுத்துவிட வேண்டும் என்று நான் பிடிவாதமாகவே சொன்னேன். ஒருவரின் வீட்டைப் பற்றிய யூகத்துக்கு மதிப்பீட்டுத் தாளில் இடமில்லை.

பாராட்டையும் விடவில்லை. லோடு ஏற்றும் முன் பெட்டியின் லாட் எண்ணை இன்வாய்ஸோடு ஒத்துப் பார்க்கும் வழக்கத்தைக் கொண்டுவந்தவர் அவர்தான் என்று மேலாளர் யோசித்துச் சொன்னார். "கடின உழைப்பாளி" போய் அது வந்தது.

முன்முயற்சி விஷயம்தான் நேரம் எடுத்தது. கேட்டுக் கேட்டு வந்த பதில் இது: பாக்கி ஆர்டர் பட்டியலை அவர் தானாக அனுப்புவதில்லை, ஒவ்வொரு முறையும் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது. இதை அவரிடம் சொன்னீர்களா என்றேன். இல்லை. சரி, அதையே எழுதச் சொன்னேன்: "சனிக்கிழமை மதியத்துக்குள் பாக்கி ஆர்டர் பட்டியல் வர வேண்டும், தாமதமானால் காரணமும் வேண்டும்."

மதிப்பெண் மூன்றாகவே இருந்தது. மேலிடத்துக்குப் போய்விட்டதால் என்னால் மாற்ற முடியவில்லை. தாளைக் கொடுத்த அன்று அந்தப் பெண் சனிக்கிழமை வரியில் விரலை வைத்து, "இதைச் சொல்லியிருந்தா போன வருஷமே அனுப்பியிருப்பேனே மேடம்" என்றார்.