180 ஹெர்ட்ஸ் வந்தது, கம்ப்யூட்டர் ஆன் ஆகல: ஒரு டிஸ்ப்ளேபோர்ட் கேபிள் பண்ணின வேலை

ரெண்டு வாரம் சுத்த விட்ட கோளாறு நேத்து ராத்திரி பிடிபட்டது. குற்றவாளி 350 ரூபாய் கேபிள். அதுக்குள்ள நான் ரேமைக் கழற்றி அழிரப்பரால தேய்ச்சு, பயாஸ் பேட்டரி மாத்தி, எஸ்எம்பிஎஸ் போயாச்சுன்னு முடிவு கட்டி புதுசுக்கு விலையும் கேட்டுட்டேன்.

புது மானிட்டர் 27 இஞ்ச், 2560×1440, 180 ஹெர்ட்ஸ். பெட்டியில எச்டிஎம்ஐ கேபிள் மட்டும்தான் இருந்தது. மாட்டினேன், `Advanced display`-ல 144க்கு மேல காட்டல. இதுல கேபிள் மேல தப்பு கிடையாது. மானிட்டர்ல இருக்கது எச்டிஎம்ஐ 2.0 போர்ட். நொடிக்கு 18 கிகாபிட்னு பேர், அதுல படத்துக்குக் கிடைக்கது 14.4 தான். இந்த ரெசல்யூஷன்ல 144 ஹெர்ட்ஸுக்கே, ஒரு ஃப்ரேமுக்கும் அடுத்ததுக்கும் நடுவில விடுற பிளாங்கிங் நேரத்தையும் சேர்த்தா, 14 கிகாபிட் ஆகிடும். 180க்கு சுமாரா 18 வேணும். எவ்வளவு விலைக்கு எச்டிஎம்ஐ கேபிள் வாங்கினாலும் அந்த போர்ட் வழியா அது போகாது. டிஸ்ப்ளேபோர்ட் 1.4ல படத்துக்கு மட்டும் 25.92 கிகாபிட் உண்டு; 10 பிட் கலர் வச்சாலும் 180 இடிக்காம போகும்.

அதனால நாகர்கோவில் போனப்ப ஒரு கடையில டிஸ்ப்ளேபோர்ட் கேபிள் வாங்கினேன். “1.4 கேபிள்தானே அண்ணாச்சி?”ன்னு கேட்டதுக்கு “எல்லாம் அதுதான், கொண்டு போங்க”ன்னு பதில். வீட்ல மாட்டினதும் 180 வந்தது. ஒரு மினுக்கல் கிடையாது, கறுப்பு ஸ்க்ரீன் கிடையாது. கேபிளை சந்தேகப்படாம போனதுக்கு இதுதான் காரணம்.

மறுநாள் காலையில பவர் பட்டனை அமுக்கினா ஃபேன் ஒரு சுத்து சுத்தி நின்னுட்டு. யுபிஎஸ்ஸை மொத்தமா அணைச்சுப் போட்டா முதல் தடவை ஒழுங்கா வரும். ஷட்டவுன் பண்ணி மறுபடி போட்டா வராது. மழை, கரண்ட் போக்குவரத்து இருந்த வாரம், அதனால எஸ்எம்பிஎஸ் மேல பழி போட்டேன். தக்கலையில இருக்க கூட்டாளி வந்து பார்த்தான். சிபியூவோட பவர் கார்டை உருவியும் மதர்போர்டுல ஒரு சின்ன எல்இடி மங்கலா எரியுது. “மக்கா, கார்டே இல்ல, இதுக்கு கரண்ட் எங்கேருந்துல வருது?”ன்னான். டிஸ்ப்ளேபோர்ட் கேபிளைப் பிடுங்கினான், எல்இடி அணைஞ்சுட்டு.

டிஸ்ப்ளேபோர்ட்ல 20 பின். 20ஆவது பின் 3.3 வோல்ட் பவர். அடாப்டர் மாதிரி சின்ன சாமான்களுக்காக கம்ப்யூட்டர் பக்கமும் மானிட்டர் பக்கமும் தனித்தனியா அதைக் கொடுக்கும். அதனாலதான் சாதாரண கேபிள்ல ரெண்டு முனையோட 20ஆவது பின்னையும் இணைக்கக் கூடாதுன்னு விதி. மலிவு கேபிள்காரன் எல்லா பின்னையும் அப்படியே இணைச்சு விட்டுடுதான். சிபியூ அணைஞ்சிருந்தாலும் மானிட்டரோட 3.3 வோல்ட் கிராபிக்ஸ் கார்டு வழியா உள்ள ஏறி நிக்கும். போர்டு பாதி முழிச்ச நிலையில மாட்டிக்கிடும்.

உறுதி பண்ண மல்டிமீட்டர் எடுத்தேன். கேபிளோட ரெண்டு முனையும் வெளியிலதான் இருக்கணும். மானிட்டர்ல சொருகி வச்சு குத்திப் பார்த்தா பக்கத்து பின்னோட ஷார்ட் ஆகிடும். மீட்டர் முனை பிளக்குக்குள்ள நுழையாது. அம்மாவோட தையல் ஊசி ரெண்டை எடுத்து அதுல முதலைக் கிளிப் மாட்டினேன். ஒரு வரிசையில ஒற்றைப்படை பின், மற்றதுல இரட்டைப்படை. 20 இரட்டை வரிசையோட கடைசி. எந்தப் பக்கக் கடைசின்னு பின் படத்தை வச்சு மூணு தடவை சரிபார்த்தேன். இதுல மட்டும் அரை மணிக்கூர் போச்சு. ரெண்டு முனையிலயும் 20ல ஊசி வச்சதும் மீட்டர் பீப்புன்னு கத்திச்சு, அதாவது ரெண்டும் இணைஞ்சிருக்கு. நல்ல கேபிள்ல அங்க சத்தமே வரக் கூடாது.

அந்த பின்னுக்கு மெல்லிசா டேப் ஒட்டுற வித்தை உண்டு. டேப் உரிஞ்சு போர்ட்டுக்குள்ள நின்னா அடுத்த தலைவலி, அதனால செய்யல. கேபிளுக்கு “1.4”னு வெர்ஷன் நம்பர் பார்த்து வாங்குறதையும் விட்டாச்சு. இந்த தடவை ஆன்லைன்ல டிபி8கேன்ற டிஸ்ப்ளேபோர்ட் சான்றிதழ் போட்ட ஒன்றரை மீட்டர் கேபிள், 900 ரூபாய். வந்ததும் முதல்ல ஊசி டெஸ்ட். சத்தம் இல்ல. பத்து தடவை ஷட்டவுன் பண்ணிப் போட்டேன், பத்தும் வந்தது.

லேப்டாப்பை டைப்-சி வழியா இதே மானிட்டர்ல மாட்டணும்னு ஒரு திட்டம் இருக்கு, அதுக்கும் கேபிள் பார்த்து வச்சாச்சு. அதுக்கு முன்னால, இந்த ஒன்றரை மீட்டர் கேபிள் மேசைக்கு அடியில எட்டல. இப்போதைக்கு சிபியூ அடுக்களை முக்காலி மேல இருக்கு. அம்மா ரெண்டு தடவை கேட்டாச்சு.