மாவுத் தராசும் மகளின் டயப்பரும்

எங்கள் சமையலறையில் மாவு நிறுப்பதற்காக வைத்திருந்த சிறிய மின்னணுத் தராசு, சென்ற கோடையில் பதவியிறக்கம் பெற்றுக் குளியலறை அலமாரிக்குக் குடிபெயர்ந்தது. அது ஒரு குற்றமும் செய்யவில்லை. ஏழு மாத மகளின் ஈர டயப்பரை அதன்மேல் வைத்து நிறுத்தவன் நான்தான். தட்டின்மேல் பாலித்தீன் உறை விரித்த பிறகே நிறுத்தேன் என்று நான் எடுத்துவைத்த வாதத்தை, என் மனைவி கேட்டுக்கொண்டாரே தவிர ஏற்றுக்கொள்ளவில்லை.

வீட்டில் அப்போது இரண்டு கட்சிகள் இருந்தன. குழந்தைக்குப் பருத்தித் துணியைத் தவிர வேறெதுவும் ஆகாது என்பது அம்மாவின் கட்சி. துவைப்பவர் யாரோ அவரே அதை முடிவு செய்யட்டும், ஒருமுறை அணிவித்துத் தூக்கி எறியும் டயப்பரே போதும் என்பது மனைவியின் கட்சி. இருவருக்கும் நடுவில் நின்று தீர்ப்புச் சொல்ல ஆசைப்பட்ட நான், யானைப் படம் போட்ட நவீனத் துணி டயப்பர்கள் ஆறு வாங்கி வந்தேன். வெளியே நீர் புகாத பாலியூரித்தேன் பூசிய உறை. உள்ளே பஞ்சுபோன்ற மைக்ரோஃபைபர் பட்டை. பட்டையை உறையின் பைக்குள் செருக வேண்டும் என்று விளக்கத் தாளில் எழுதியிருந்ததை நான் படிக்கவில்லை. அவ்வளவு மென்மையான பொருளை எதற்காக ஒளித்துவைக்க வேண்டும் என்று நினைத்து, அதை எடுத்து உறைக்கு மேலே, குழந்தையின் தோலில் படும்படியாகவே வைத்துக் கட்டினேன்.

வெயில் உச்சத்தில் இருந்த வாரத்தில், மகளின் இடுப்பைச் சுற்றியும் தொடையில் எலாஸ்டிக் பதியும் கோடு நெடுகவும் குண்டூசித் தலை அளவில் சிவப்புப் பொரிகள் வரிசை கட்டின. அதற்கு இரண்டு நாள் கழித்துப் பிட்டத்தின் மேடான பகுதி பளபளவென்று சிவந்தது. அம்மா பிளாஸ்டிக்கைக் குற்றம் சொன்னார், மனைவி சோப்புத்தூளைக் குற்றம் சொன்னார், நான் வெயிலைக் குற்றம் சொன்னேன். குழந்தை மருத்துவர் மூவரையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, இவை இரண்டு வேறு வேறு தொந்தரவுகள் என்றார்.

இடுப்பிலும் தொடையிலும் இருந்தது வியர்க்குரு. வியர்வை வெளியேறும் நுண்குழாய்கள் அடைபட்டு, வியர்வை தோலுக்குள்ளேயே தேங்குவதால் வருவது. காற்றுப் புகாத உறை இறுக்கிப் பிடிக்கும் இடத்தில்தான் அது முதலில் தலைகாட்டும். பிட்டத்தில் இருந்தது ஈரத்தாலும் உராய்வாலும் வந்த எரிச்சல். நீரில் ஊறிய தோல் எளிதில் உரியும். அதோடு, மலத்தில் உள்ள நுண்ணுயிரிகள் சிறுநீரில் உள்ள யூரியாவை அம்மோனியாவாக மாற்றுகின்றன. அதனால் இயல்பில் சற்றே அமிலத்தன்மையுடன் இருக்கும் தோல் காரத்தன்மைக்கு மாறுகிறது. அந்தக் காரத்தில் மலத்தில் உள்ள செரிமான நொதிகள் வீறுகொண்டு தோலையே அரிக்கத் தொடங்குகின்றன. மடிப்புகளை விட்டுவிட்டு மேடான இடங்கள் மட்டும் சிவந்திருந்தால் பெரும்பாலும் இந்த எரிச்சல்தான் என்றும், மடிப்புகளுக்குள்ளேயே அடர்சிவப்பாகி, சுற்றிலும் சிறு சிறு புள்ளிகள் தனித்தனியாகச் சிதறியிருந்தால் பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம், அதற்கு வேறு மருந்து வேண்டும், அப்போது காத்திருக்காமல் வரவேண்டும் என்றும் சொன்னார். முகப்பவுடரைத் தூவலாமா என்று அம்மா கேட்டதற்கு, நுண்ணிய தூள் குழந்தையின் மூச்சில் போகும், வியர்வையோடு சேர்ந்து மடிப்புகளில் களியாகப் படியும் என்று மறுத்துவிட்டார். துணியா, எறியும் டயப்பரா என்ற வழக்கில் மட்டும் அவர் தீர்ப்பு எழுதவில்லை. “தோலை ஒட்டி எவ்வளவு ஈரம் நிற்கிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பாருங்கள்” என்று மட்டும் சொன்னார்.

அதைத்தான் நான் சொல்லுக்குச் சொல் எடுத்துக்கொண்டேன். காய்ந்த பருத்தி மடிப்பு ஒன்றை நிறுத்தேன்: 64 கிராம். மகள் ஒருமுறை நனைத்தவுடன் அவிழ்த்து நிறுத்தேன்: 109 கிராம். சிறுநீரில் ஒரு கிராமை ஏறத்தாழ ஒரு மில்லி என்று கொள்ளலாம் என்பதால், ஒரு தடவைக்கு 45 மில்லி. சோதனைக்கு 50 மில்லி என்று முழுமையாக்கிக்கொண்டு, வெதுவெதுப்பான நீரில் ஒரு சிட்டிகை உப்பைக் கரைத்தேன். உப்பு அவசியம். எறியும் டயப்பருக்குள் இருக்கும் சோடியம் பாலிஅக்ரிலேட் குருணை, வெறும் தண்ணீரை ஊற்றினால் தன் எடையைப்போல் நூறு மடங்குக்கும் மேல் உறிஞ்சி வித்தை காட்டும். உப்பு நீரிலோ சுமார் முப்பது மடங்கோடு நின்றுவிடும். குழந்தை வெறும் தண்ணீர் பெய்வதில்லை என்பதால் சோதனையும் நேர்மையாக இருக்க வேண்டும். நான் குவளையில் உப்பைக் கலக்குவதைப் பார்த்த அம்மா, “இது யார் குடிப்பதற்கு?” என்று கேட்டார். சொன்னேன். அதன்பின் அன்று முழுவதும் அந்தக் குவளையின் பக்கமே அவர் திரும்பவில்லை.

முறை எளியது. பட்டையின் நடுவில் நீரை ஊற்றி, இரண்டு நிமிடம் விட்டு, மடித்த காகிதக் கைக்குட்டையை அதன்மேல் வைத்து, ஒரு கிலோ மாவுப் பொட்டலத்தைக் கால் நிமிடம் ஏற்றிவைப்பது. பிறகு கைக்குட்டையை மட்டும் நிறுப்பது. குழந்தை உட்காரும்போது அதன் தோலுக்குத் திரும்பி வரும் ஈரம் இதுதான் என்று வைத்துக்கொள்ளலாம்.

மைக்ரோஃபைபர் நீரைக் கண் இமைக்கும் நேரத்தில் குடித்தது. பொட்டலத்தை வைத்ததும் குடித்ததையெல்லாம் கக்கியது. கைக்குட்டை 9 கிராம் கூடியதோடு, மேசையிலும் ஒரு குட்டை உருவானது. அந்த இழை நீரைத் தனக்குள் இழுத்துக்கொள்வதில்லை. இழைகளுக்கு இடையிலான வெளியில்தான் தேக்கிவைக்கிறது. எனவே, அழுத்தினால் வந்துவிடும். இரவில் குழந்தை புரண்டு படுத்ததும் தொடையோரம் கசிந்ததன் காரணம் அப்போதுதான் புரிந்தது. அத்துடன் இது தோலோடு உராய்ந்து, தோலில் இருக்க வேண்டிய ஈரப்பதத்தையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும். அதனால்தான் பைக்குள் செருகச் சொல்லியிருக்கிறார்கள். விளக்கத் தாளை அன்றுதான் தேடி எடுத்தேன். அது, நான் எதையும் படிக்காமல் போட்டுவைப்பதாக மனைவி வழக்கமாகச் சொல்லும் அலமாரியிலேயே இருந்தது.

பருத்தி மடிப்பு நிதானமாக உறிஞ்சியது. அழுத்தியும் சிந்தவில்லை, ஆனால் மேற்பரப்பு ஈரமாகவே இருந்தது: 5 கிராம். எறியும் டயப்பரில் கைக்குட்டையின் எடை மாறவே இல்லை. அம்மாவின் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை. இருந்தாலும் விடாமல், பருத்தியின்மேல் மெல்லிய ஃபிளீஸ் துண்டு ஒன்றை விரித்துப் பார்த்தேன். ஃபிளீஸ் என்பது நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளாத பாலியஸ்டர் துணி; நீர் அதன் வழியாகக் கீழே இறங்கிவிடும், மேற்புறம் ஏறக்குறைய உலர்ந்தே இருக்கும். இப்போது 2 கிராம்தான். அம்மாவின் கட்சி மூச்சுவிட்டது.

கடைசியாக, அதிகம் கொள்ளும் என்று நம்பி வாங்கிய, ஹெம்ப் என்னும் செடிநாரால் ஆன பட்டை. அதில் ஊற்றிய நீர் முத்து முத்தாக உருண்டு ஓடியது. போலிச் சரக்கு என்று திருப்பியனுப்ப இருந்தேன். நல்ல வேளையாக மனைவி தடுத்தார். புதிய ஹெம்பிலும் புதிய பருத்தியிலும் இயற்கையான எண்ணெயும் மெழுகும் இருக்கும். ஐந்தாறு முறை துவைத்து உலர்த்திய பிறகே அவை முழுமையாக உறிஞ்சும். நான் ஒரே ஒரு தடவை அலசியிருந்தேன். துவைத்த பிறகு அது நன்றாகவே குடித்தது, ஆனால் மெதுவாக. அதனால் அது பருத்திக்கு அடியில் இருக்க வேண்டிய அடுக்கு. மேலே இருந்தால், அது முடிவெடுப்பதற்குள் நீர் பக்கவாட்டில் வழிந்துவிடும்.

மைக்ரோஃபைபரும் பழைய பருத்தியும் சில நாள் கழித்து இதே முத்து விளையாட்டைக் காட்டின. அவற்றை நான் ஐந்தாறு தடவைக்கு மேல் துவைத்திருந்தேன், துவைத்ததுதான் பிரச்சினை. மென்மையாக இருக்கட்டும் என்று ஒவ்வொரு முறையும் துணி மென்மையாக்கித் திரவம் ஊற்றியிருந்தேன். அது இழையின்மேல் படலமாகப் படிந்து நீரை விலக்கும். பிட்டத்துக்குப் பூசிய துத்தநாக ஆக்சைடு களிம்பும் துணியில் ஒட்டி அதே வேலையைத்தான் செய்தது. ஒரு சொட்டு நீர் விட்டால் உடனே மறைய வேண்டும். மணியாக நின்றால் படலம் இருக்கிறது என்று பொருள். சோப்புத்தூள் போடாமல் வெறும் நீரில் அலசும்போதும் நுரை வந்தால் சோப்பு மிச்சமிருக்கிறது. அதுவும் தோலை எரிக்கும். இந்த வகையில் மனைவி சொன்னதும் பாதி உண்மை. திரவத்தை நிறுத்தினேன். சூடான நீரில் துவைத்து, நுரை அடங்கும்வரை நான்கு முறை அலசினேன். களிம்பு பூசும் நாள்களில் நடுவில் மெல்லிய துணி ஒன்றை விரித்தேன்.

ஆயினும், கைக்குட்டைச் சோதனையால் அளக்க முடியாத ஒன்று மிச்சமிருந்தது: வியர்வை. ஃபிளீஸ், பருத்தி, ஹெம்ப், உறை என நான்கடுக்கு போட்டால் மேல்புறம் உலர்ந்திருக்கும், உள்ளே குழந்தை வெந்துகொண்டிருக்கும். எறியும் டயப்பரின் வெளித்தாளில் ஆவி போகும் நுண்துளைகள் இருக்கும் வகைகள் உண்டு. அவையும் நிறைந்து தொங்கத் தொடங்கினால் வெப்ப மூட்டைதான். ஆகவே, பகலில் வீட்டில் இருக்கும்போது உறையே இல்லாமல் பருத்தித் துணியை மட்டும் தளர்வாகக் கட்டி, கீழே நீர் புகாத விரிப்பைப் போட்டு, நனைந்த உடனே மாற்றுவது என்று முடிவாயிற்று. அந்த ‘உடனே’ என்ற சொல்லை எளிதாக எழுதிவிட்டேன். ஒரு பகலில் பத்துத் துணிக்குக் குறைவில்லை. இரவுக்கும் வெளியூர்ப் பயணத்துக்கும் எறியும் டயப்பர், இடுப்பில் இரண்டு விரல் நுழையும் தளர்வில். மலம் கழித்தால் எந்த நேரமானாலும் உடனே மாற்றம். நான்கடுக்கு யானைகள் வெயில் தணியும்வரை ஓய்வில். பொரிகள் நான்கு நாளில் மறைந்தன, சிவப்பு ஒரு வாரத்தில் அடங்கியது.

மருத்துவர் சொன்னபடி தினமும் அரை மணி நேரம் எதுவும் கட்டாமல் காற்றாடவும் விட்டோம். அப்படியொரு நாள், இதுவரை செய்த சோதனைகளின் கணக்கை நோட்டில் எழுதியபடியே மகளை மடியில் வைத்திருந்தேன். அவள் நேரம் பார்த்துப் பெய்துவிட்டாள். நான் உடனே சட்டையைக் கழற்றித் தராசில் வைத்தேன்: 251 கிராம். அதற்குப் பிறகுதான், காய்ந்த சட்டையின் எடையை நான் குறித்து வைக்கவே இல்லை என்பது உறைத்தது. மறுநாள் மாலை கொடியிலிருந்து எடுத்து நிறுக்கலாம் என்று காத்திருந்தேன். அதற்குள் மனைவி அந்தச் சட்டையை நன்றாகத் துவைத்து, இஸ்திரி போட்டு, எங்கே வைத்தார் என்று சொல்ல மறுத்துவிட்டார்.