இரண்டாந்தரம்தான் பாஸ்: பகிடி போஸ்ட் சுருக்கிற கேள்வியில நான் விட்ட பிழை

நேற்றுப் பின்னேரம் ரிசல்ட் வந்துது. எங்கட சனிக்கிழமை மீடியா கோர்ஸில எழுத்துப் பேப்பர் பாஸ், அதுவும் இரண்டாந்தரம். முதல்தரம் கவுத்தது எல்லாரும் லேசு எண்டு நினைக்கிற அந்த 20 மார்க்ஸ் கேள்வி, நீட்டு நீட்டா ஒரு பகிடி போஸ்ட் தந்து பாதியாச் சுருக்கச் சொல்லுவினமே அதுதான். எனக்கு 6. அப்ப வந்த கோவத்துக்கு வெள்ளவத்தையில இருந்து தெஹிவளை மட்டும் நடந்தே போனன்.

பேப்பரைப் பாக்க விட்டவை. பாத்தால் என்ர கடைசி வசனத்தில "எண்டு சொன்னார்" மட்டும் சிவப்பால வட்டம். பஞ்ச்லைனை கடைசி வசனத்துக்குத்தானே கொண்டுவந்தனான், பிறகென்ன எண்டு நான் நாள்முழுக்கப் புறுபுறுத்தன். பேந்துதான் விளங்கினது, கடைசி வசனம் காணாது, கடைசிச் சொல்லா இருக்கவேணும். தமிழில வினை பின்னுக்கு வாறதால சிரிப்பு வரவேண்டிய சொல் நடுவில மாட்டுப்படும், அதுக்குப் பின்னால "எண்டு சொன்னவர்", "தந்திட்டுப் போனார்" எண்டு ஒரு வாலும் இழுபடும். வாசிக்கிற ஆள் சிரிக்க வாயைத் திறக்க நீங்கள் இன்னும் கதைச்சுக்கொண்டிருக்கிறியள்.

நான் பழகின ஒரு போஸ்ட், என்ர சொந்தக் கதைதான்:

"கொண்டக்டர் என்னட்ட கூடக் காசு எடுத்த கதை. நேற்றுக் காலமை சரியான மழை, குடையும் இல்லை, தெஹிவளையில புறக்கோட்டை போற 100 பஸ்ஸில ஏறினன், நல்ல சனம். பம்பலப்பிட்டி எண்டு ஆயிரம் ரூபாத் தாள் குடுத்தன், மிச்சம் பேந்து எண்டார். பம்பலப்பிட்டி வந்தும் தரேல்ல, அதால நான் இறங்கேல்ல. கடைசியில புறக்கோட்டை மட்டுமான டிக்கெட் காசைக் கழிச்சுத்தான் மிச்சத்தைத் தந்தார் எண்டு அம்மாட்டச் சொல்ல அவ விழுந்து விழுந்து சிரிச்சா."

முதல் வசனமே களவைக் காட்டிக் குடுக்குது, அது போகவேணும். மழை, குடை, சனம் மூண்டையும் விரலால மறைச்சு முடிவை வாசிச்சுப் பாத்தன், முடிவு அப்பிடியே விளங்குது, அப்ப அதுகளும் போகட்டும். நான் கனநாள் காணாமல் விட்டது "புறக்கோட்டை போற" எண்டதை. பகிடியே அந்தச் சொல்லிலதான் நிக்குது, அதை முதலே சொல்லிவிட்டால் முடிவில என்ன மிச்சம்? 100 எண்டால் காணும், காலி வீதியில ஏறி இறங்கிற ஆக்களுக்கு அது எங்க போறதெண்டு தெரியும்.

ஒருக்கா வெட்டுற வெறியில பம்பலப்பிட்டியையும் தூக்கிட்டன். ரூம்மேட்டுக்கு வாசிச்சுக் காட்ட அவன் "அதுக்கென்ன இப்ப?" எண்டான். எங்க இறங்கவேணும் எண்டு தெரியாட்டி புறக்கோட்டையில என்ன பகிடி? திருப்பி வச்சன். கடைசியா வந்தது இதுதான்:

"தெஹிவளையில 100இல ஏறி, பம்பலப்பிட்டி எண்டு ஆயிரம் ரூபாத் தாளை நீட்டினன். கொண்டக்டர்: மிச்சம் பேந்து. பம்பலப்பிட்டி வந்துது, மிச்சம் வரேல்ல, நானும் இறங்கேல்ல. ஒருமாதிரி மிச்சம் வந்துது, கூடவே டிக்கெட்டும்: தெஹிவளை – புறக்கோட்டை."

அம்மா சிரிச்சதையும் வெட்டிட்டன். சிரிக்கிறது வாசிக்கிற ஆளின்ர வேலை.

வாலை வெட்ட எனக்குக் கைகுடுத்தது:
- சொன்ன ஆளை முன்னுக்குப் போடுங்கோ. "அம்மா சொன்னா:" எண்டுட்டு அவ சொன்னதோட நிப்பாட்டுங்கோ.
- "அவர் புறக்கோட்டைக் காசை எடுத்தார்" எண்டதை "அவர் எடுத்தது புறக்கோட்டைக் காசு" எண்டு திருப்புங்கோ, பெயர்ச்சொல் தானா முடிவுக்கு வரும். ஒரு போஸ்ட்டில ஒருக்கா மட்டும், ரெண்டாந்தரம் வந்தால் ட்ரெய்லர் குரல் மாதிரிக் கேக்கும்.
- டிக்கெட், போர்ட், பில் எண்டு ஏதாவது இருந்தால் அதில எழுதியிருக்கிறதை அப்பிடியே போடுங்கோ, வினையே தேவையில்லை.

வினையே பகிடியா இருந்தால் ஒண்டும் திருப்பவேண்டாம். "ஆறு மாசமா டயட், கொத்து ரொட்டியைக் கண்டால் கண்ணை மூடிக்கொண்டு சாப்பிடுறன்." இதில "சாப்பிடுறன்" ஏற்கெனவே சரியான இடத்திலதான் நிக்குது. நான் இதையும் திருப்பப் போய் பழுதாக்கினனான்.

இன்னொண்டு, சிலபேர் முதல் பஞ்ச்லைனை எழுதிட்டு பின்னால இருந்து முன்னுக்கு வரச் சொல்லுவினம். எனக்கு அது சரிவரேல்ல, நான் முழுக்க எழுதிட்டுத்தான் வெட்டுவன், அதுக்கு சோதினையில நேரம் போகும், இந்தக் கேள்வியை முதல்ல செய்தால் சமாளிக்கலாம்.

இந்தமுறை 20க்கு 16. அந்த 4 எங்க போனதெண்டு இண்டைக்குக் காலமை போய்ப் பேப்பரைப் பாத்தன். பஞ்ச்லைன் கடைசியில, கடைசிச் சொல்லும் சரி, வாலும் இல்லை. அதுக்குப் பிறகு பழக்கதோசத்தில நான் போட்டிருந்தது மூண்டு ஆச்சரியக்குறி