ஓ.பி. காத்திருப்பு நேரத்துக்கு ஒரு டாஷ்போர்டு: முன்மொழிவு எழுதிய அனுபவம்

சென்னையில் நான் வேலை பார்க்கும் மருத்துவமனையில், புறநோயாளிகள் எந்தத் துறையில் எவ்வளவு நேரம் காத்திருக்கிறார்கள் என்று காட்டும் டாஷ்போர்டுக்கு முன்மொழிவின் வரைவை எழுதும் வேலை என்னிடம் வந்தது. திரை அமைப்பு, செலவு, கால அட்டவணை எல்லாம் சீக்கிரம் முடிந்தன. காத்திருப்பு எப்போது தொடங்கி எப்போது முடிகிறது என்று எழுதும் பகுதிதான் இழுத்தது.

தொடக்கம் ஓ.பி. சீட்டு போடும் நேரம். அதற்கு முன் வரிசையில் நிற்பது எங்கும் பதிவாவதில்லை என்பதையும் வரைவில் எழுதி வைத்தேன். டாக்டர் எப்போது பார்த்தார் என்பதற்கோ மருந்துச்சீட்டைக் கணினியில் சேமித்த நேரம் மட்டுமே இருந்தது. அதை நம்பலாமா என்று பழைய பதிவுகளை நேர வரிசையில் அடுக்கினேன். சில அறைகளில் மதியம் ஒரு மணி வாக்கில், ஐந்தே நிமிடத்துக்குள் இருபது சீட்டுகள் ஏறியிருந்தன. கூட்டம் முடிந்த பிறகு மொத்தமாக ஏற்றுகிறார்கள்.

உள்ளே அனுப்பும்போது ஒரு பட்டனை அழுத்தச் சொல்லலாமா என்று சிஸ்டரிடம் கேட்டேன். "பி.பி. பார்க்கணும், பேர் கூப்பிடணும், இதுல இது வேறயா சார்?" என்றார். நியாயம்தான். டோக்கன் பலகையில் அடுத்த எண்ணை மாற்ற அவர் எப்படியும் ஒரு பட்டனை அழுத்துகிறார். அந்த நேரத்தையே எடுத்துக்கொள்வதாக மாற்றினேன்.

அடுத்த சிக்கல் சர்க்கரை நோய் பிரிவு. உதாரணமாக ஒருவர் 7.30-க்குச் சீட்டு வாங்குகிறார். 7.50-க்கு வெறும் வயிற்றில் ரத்தம் எடுக்கிறார்கள். 8.00 மணிக்குச் சாப்பிட ஆரம்பிக்கிறார், 10.00 மணிக்கு மறுபடி ரத்தம், 11.10-க்கு ரிப்போர்ட், 11.50-க்கு டாக்டர். மொத்தம் 4 மணி 20 நிமிடம். இப்படியே காட்டினால் மருத்துவமனையிலேயே மோசமான துறை இதுதான் என்று தோன்றும். ஆனால் 2 மணி நேரம் பரிசோதனைக்கே தேவையானது. மீதியில் பெரிய பங்கு ரிப்போர்ட்டுக்கான 70 நிமிடம். சரிசெய்ய வேண்டிய இடம் லேப்தான், டாக்டர் அறை இல்லை. கண் பிரிவில் சொட்டு மருந்து போட்டு உட்காரவைக்கும் நேரமும் இதே கதைதான். அதனால் சீட்டிலிருந்து முதல் அழைப்பு வரை, பரிசோதனை, ரிப்போர்ட், மறுபடி டாக்டர் என்று தனித்தனியாகக் காட்டும்படி எழுதினேன்.

சராசரியை மட்டும் காட்ட வேண்டாம் என்பதிலும் உறுதியாக இருந்தேன். பத்தரை மணிக்குத் திரையில் வரும் சராசரி, அதுவரை உள்ளே போனவர்களுடையது. எட்டு மணியிலிருந்து பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர் அந்தக் கணக்கிலேயே வரமாட்டார். அதனால் ஒவ்வொரு துறைக்கும், இன்னும் அழைக்கப்படாதவர்களில் அதிக நேரம் காத்திருப்பவரின் நிமிடங்களும் திரையில் வர வேண்டும் என்று சேர்த்தேன்.

குழுவில் அதிகம் விவாதித்தது துறைகளைத் தரவரிசைப்படுத்துவது பற்றித்தான். நேரத்தைப் பிரித்துக் காட்டிய அட்டவணையைப் பார்த்ததும் தரவரிசையைக் கைவிட்டார்கள். முதலில் எலும்புப் பிரிவிலும் சர்க்கரை நோய் பிரிவிலும் மட்டும் தொடங்க ஒப்புதல் கிடைத்தது.