மூடியையும் பெட்டியையும் இறுகப் பிணைத்தல்: வடிவமைப்புச் செய்முறைத் தேர்வுக்குப் படித்தபோது தெளிந்தவை

முப்பரிமாண அச்சில் எடுத்த இரண்டு பாகங்களைத் திருகாணியால் இணைக்கும் வினா எங்கள் செய்முறைத் தேர்வில் வந்தது: 4 மி.மீ. தடிமனுள்ள மூடியைப் பெட்டியின் விளிம்போடு 3 மி.மீ. விட்டமுள்ள எம்3 கூம்புத்தலைத் திருகாணியாலும் அறுகோண நட்டாலும் பொருத்த வேண்டும்.

முதலில் பார்க்க வேண்டியது மூடியின் துளை. அது 3 மி.மீ. அளவிலேயே இருந்தால் மரை மூடியையே பற்றிக்கொள்ளும். எவ்வளவு திருகினாலும் இரு பாகங்களுக்கும் இடையே உள்ள இடைவெளி மூடாது. திருகாணி தடையின்றி நழுவிச் செல்ல 3.4 மி.மீ. தேவை. தலைக் கூம்பின் முழுக் கோணம் 90 பாகை என்பதால், கூம்பின் ஆழம் எப்போதும் பெரிய விட்டத்திலிருந்து சிறிய விட்டத்தைக் கழித்ததில் பாதியாகும். தலையின் விட்டம் ஏறக்குறைய 6 மி.மீ.; மூடியின் மேற்பரப்பில் வாய் 6.4 மி.மீ. இருந்தால் தலை 0.2 மி.மீ. உள்வாங்கி அமரும்.

நட்டின் எதிரெதிர்ப் பக்கங்களுக்கு இடையே 5.5 மி.மீ. உண்டு. ஆனால் நிரல் எழுதி வடிவம் உருவாக்கும் ஓப்பன்ஸ்கேட் மென்பொருளில் ஆறு பக்க உருளைக்குக் கொடுக்கும் விட்டம் மூலைக்கு மூலை அளவு, ஆகவே 0.2 மி.மீ. தளர்வு சேர்த்து, cos(30) ஆல் வகுக்க வேண்டும். இதை விட்டுவிட்டால் நட்டு குழிக்குள் நுழையவே நுழையாது.

```
// மூடியிலிருந்து கழிக்கும் கூம்பு, மேற்பரப்பு z=4
translate([0,0,2.5])
  cylinder(d1=3.4, d2=6.6, h=1.6, $fn=64);
// பெட்டி விளிம்பிலிருந்து கழிக்கும் நட்டுக் குழி, அடிப்பக்கம் z=0
cylinder(d=5.7/cos(30), h=3.5, $fn=6);
```

கூம்பு 4.1 வரை நீள்வது, மேற்பரப்பைத் தெளிவாக வெட்டி வெளியேறுவதற்காகவே.

நட்டுக் குழியின் வாய் விளிம்பின் அடிப்பக்கம், மூடியைத் தொடாத பக்கத்தில், அமைய வேண்டும். இறுக்கும்போது நட்டு மேல்நோக்கி இழுபட்டு, குழிக்கும் மூடிக்கும் நடுவில் உள்ள பிளாஸ்டிக்கை நெருக்கும். அந்தத் தடிமனுக்கு நான் 3 மி.மீ. வைத்தேன். கூம்புத்தலைத் திருகாணியின் நீளம் தலையையும் சேர்த்தே அளக்கப்படுவதால், தலை உள்வாங்கிய 0.2 போக மூடியின் 3.8, விளிம்பின் 3, நட்டின் 2.4 ஆகியவற்றைக் கூட்டினால் 9.2 வருகிறது, 10 மி.மீ. திருகாணியின் நுனி நட்டைத் தாண்டி 0.8 மி.மீ. நீண்டும், 3.5 மி.மீ. ஆழமுள்ள குழிக்குள்ளேயே மறைந்திருக்கும்.

குழியின் வாய் அச்சுத் தட்டை நோக்கியிருந்தால், குழியின் கூரையில் வரும் துளையின் வட்ட ஓரம் அந்தரத்தில் தொங்கித் தொய்ந்துவிடும். அங்கே ஒரே ஓர் அடுக்கு, அதாவது 0.2 மி.மீ., துளையை மூடி நின்றால் அச்சு இயந்திரம் நேர்கோடுகளாகப் பாலமிட்டுச் செல்லும். பின்னர் துளைப்பானால் அதைக் குத்தித் திறந்துவிடலாம்.

கூம்புத்தலை ஆப்பைப் போல வெளிநோக்கித் தள்ளுகிறது என்பதே மிகக் கவனமாக எண்ண வேண்டியது. துளையின் மையக்கோடு அச்சு அடுக்குகளுக்குச் செங்குத்தாக இருந்தால் அந்த விசையை அடுக்குக்குள்ளே ஓடும் இழைகள் தாங்கும். அடுக்குகளுக்கு இணையாக இருந்தால் அடுக்குகள் பிரியும், முதலில் கூம்பைச் சுற்றி வெளிறிய கோடு தெரியும். ஆகவே மூடியைப் படுக்க வைத்தே அச்சிட வேண்டும். கூம்பின் வாய்க்கும் மூடியின் ஓரத்துக்கும் இடையே குறைந்தது 3 மி.மீ. விட வேண்டும். அச்சிடப் பயன்படும் பிஎல்ஏ பிளாஸ்டிக் நெடுநேர அழுத்தத்தில் மெல்லத் தளரும் பொருள் என்பதால், மறுநாள் ஒருமுறை மீண்டும் இறுக்கிப் பார்ப்பது நல்லது.