பில் தேதி வேறு, பணம் வரும் தேதி வேறு: ஜூலை முதல் டிசம்பர் வரை ஒரு கேஷ்ஃப்ளோ கணக்கு

கோயம்புத்தூர் பக்கம் நான்கு சி.என்.சி. லேத் வைத்து, பம்ப் கம்பெனிகளுக்கு உதிரி பாகம் கடைந்து கொடுக்கும் ஒரு பட்டறையை எடுத்துக்கொள்வோம். மாத விற்பனை 12 லட்சம், 18% ஜி.எஸ்.டி. சேர்த்தால் 14.16 லட்சம். ராடு, சம்பளம், மெஷின் தவணை, கரண்ட், வாடகை, டூல், பி.எஃப்., சில்லறைச் செலவு எல்லாம் சேர்த்து மாதம் 11.25 லட்சம். லாபக் கணக்கில் பார்த்தால் ஆறு மாதமும் நன்றாகவே இருக்கும். ஆனால் நவம்பர் முதல் வாரம் பேங்கில் பணம் இருக்குமா என்பதை லாபக் கணக்கு சொல்லாது. அதற்கு வேறொரு தாள் போட வேண்டும்.

இந்தத் தாளில் பலரும் முதலில் செய்யும் தவறு ஒன்று உண்டு. பர்ச்சேஸ் ஆர்டரில் '45 நாள்' என்று இருக்கும். சிறுதொழில் சட்டமும் எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாள் என்றுதான் சொல்கிறது. அதை நம்பி பில் தேதியோடு 45-ஐக் கூட்டி வரவை எழுதிவிடுகிறார்கள். கணக்குக்கு வேண்டியது ஆர்டரில் உள்ள நாள் அல்ல, லெட்ஜரில் உள்ள நாள். ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் கடைசி 12 பில்லை எடுத்து, பில் தேதிக்கும் பணம் பேங்கில் விழுந்த தேதிக்கும் இடையே எத்தனை நாள் என்று எழுதினால் போதும். அரை மணி நேர வேலை.

நம் பட்டறையின் பெரிய வாடிக்கையாளருக்கு அந்த 12 எண்கள் இப்படி வருகின்றன: 48, 52, 55, 57, 58, 60, 61, 63, 66, 71, 78, 94. சராசரி ஏறக்குறைய 64. ஆனால் சராசரியை எடுக்க வேண்டாம். ரிஜெக்‌ஷன் தகராறில் மாட்டிய அந்த ஒரே ஒரு 94 அதை மேலே இழுத்துவிடுகிறது. வரிசைப்படுத்தி நடுவில் நிற்கும் எண்ணை எடுத்தால் 60.5, அதை 61 என்று வைத்துக்கொள்ளலாம். இது சாதாரணக் கணக்குக்கு. இறுக்கமான கணக்குக்கு, 12-இல் 10 பில் எத்தனை நாளுக்குள் வந்தன என்று பார்க்க வேண்டும். இங்கே 71. நாட்கள் F2 முதல் F13 வரை இருந்தால்:

```
=MEDIAN(F2:F13)
=LARGE(F2:F13,3)
```

ஒரே தாளில் இரண்டு வரவு வரிசை வைத்து, ஒன்றுக்கு 61, மற்றொன்றுக்கு 71 கொடுக்க வேண்டும். சம்பளம், தவணை போன்ற தள்ள முடியாத செலவுகளை எப்போதும் இரண்டாவது வரிசையோடு ஒப்பிட்டே முடிவெடுக்க வேண்டும்.

இதோடு முடியவில்லை. பெரிய கம்பெனிகள் தினமும் பணம் போடுவதில்லை. இந்த வாடிக்கையாளர் மாதத்தில் 10, 25 ஆகிய இரண்டு நாட்களில்தான் பேமென்ட் லிஸ்ட் போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஜூன் 12-ஆம் தேதி போட்ட 7.08 லட்ச ரூபாய் பில்லுக்கு 61 நாள் ஆகஸ்ட் 12-இல் முடிகிறது. 10-ஆம் தேதி லிஸ்ட் போய்விட்டதால் பணம் 25-ஆம் தேதிதான். 71 நாள் என்றாலும் ஆகஸ்ட் 22, அதுவும் 25-க்குள் அடங்கிவிடும். ஆனால் 78 நாள் ஆனால் ஆகஸ்ட் 29. அப்போது செப்டம்பர் 10 வரை காத்திருக்க வேண்டும். நாள் கணக்கில் ஒரு வாரம் தாமதம், பணம் 16 நாள் தாமதம். பணம் வரும் நாள் படிப்படியாக நகராது, லிஸ்ட்டுக்கு லிஸ்ட் தாவும். எதிர்பார்க்கும் தேதி D2-இல் இருந்தால், அடுத்த லிஸ்ட் தேதியை இந்த வரி கொடுக்கும்:

```
=IF(DAY(D2)<=10,DATE(YEAR(D2),MONTH(D2),10),
 IF(DAY(D2)<=25,DATE(YEAR(D2),MONTH(D2),25),
 DATE(YEAR(D2),MONTH(D2)+1,10)))
```

வரும் தொகையும் பில் தொகையாக இருக்காது. டி.டி.எஸ்., ரிஜெக்‌ஷன் டெபிட் நோட் எல்லாம் போகத்தான் வரும். அதே 12 பில்லில் எவ்வளவு குறைந்தது என்று பார்த்து, உதாரணமாக 2.5% என்றால், 7.08 லட்சத்தை 6.90 லட்சம் என்றே எழுத வேண்டும்.

இப்போது அதே ஜூன் 12 பில்லின் ஜி.எஸ்.டி.யைப் பாருங்கள். 1.08 லட்சம். பட்டறை மாதாமாதம் தாக்கல் செய்தால் இது ஜூலை 20-க்குள் GSTR-3B கணக்கில் சேர்ந்துவிடும். பணம் ஆகஸ்ட் 25-இல் வந்தாலும் வரி 36 நாள் முன்னதாகவே போய்விட்டது. செப்டம்பர் 10 என்றால் 52 நாள். ஆகவே வரியை வரவு வரும் மாதத்தில் எழுதக் கூடாது, பில் போட்ட மாதத்துக்கு அடுத்த மாதம் 20-ஆம் தேதி வரிசையில் எழுத வேண்டும்.

இதுவரை சொன்னது நாம் போடும் பில். நமக்கு வரும் பில்கள் இன்னும் மோசமாக நடந்துகொள்ளும். ராடு வண்டியில் வரும்போதே பில்லும் வந்துவிடும், அதில் பிரச்சினை இல்லை. ஹீட் ட்ரீட்மெண்ட், பிளேட்டிங், லாரி வாடகை, டூல் சாணை பிடிப்பு ஆகியவைதான் தொல்லை. இவர்கள் டெலிவரி சலானில் வேலையை வாங்கிக்கொண்டு, நேரம் கிடைக்கும்போது மூன்று மாத பில்லை ஒரே கவரில் அனுப்புவார்கள். பில் வரவில்லை என்பதால் கடன் இல்லை என்று ஆகாது.

இதற்கு டி.சி. புத்தகம், அதாவது அந்த டெலிவரி சலான் புத்தகம் போதும். மாதம் 1,400 கிலோ ஹீட் ட்ரீட்மெண்ட் போகிறது, கிலோவுக்கு 22 ரூபாய் என்றால் 30,800. 18% சேர்த்து 36,344. மூன்று மாதம் சேர்ந்து ஒரே நாளில் வந்தால் 1.09 லட்சம். சனிக்கிழமை தோறும் டி.சி. புத்தகத்தைத் திறந்து, பில் வராத வேலையைக் கிலோவில் கூட்டி, ரேட்டால் பெருக்கி, 'வராத பில்' என்ற வரியில் எழுதிவிடுங்கள். பில் வந்ததும் அந்த வரியிலிருந்து கழித்து, நிஜத் தேதிக்கு மாற்றுங்கள். கழிக்க மறந்தால் ஒரே செலவு இரண்டு முறை ஏறிவிடும். 'வராத பில்' தொகை நான்கு வாரமாகக் கூடிக்கொண்டே போய், எந்தக் கழிவும் இல்லையென்றால் இந்தத் தவறு நடக்கிறதா என்று பாருங்கள்.

பில் தாமதமானால் வரியும் இடிக்கும். சப்ளையர் தன் பில்லை போர்ட்டலில் ஏற்றினால்தான் 14-ஆம் தேதி வரும் நம் GSTR-2B-இல் அது தெரியும். தெரியாவிட்டால் அந்த மாதம் உள்ளீட்டு வரியை எடுக்க முடியாது, அவ்வளவு தொகையைக் கையிலிருந்து கட்ட வேண்டும். ஆண்டு விற்பனை 5 கோடிக்குள் உள்ள சிறிய சப்ளையர்கள் பலர் காலாண்டுக்கு ஒருமுறை தாக்கல் செய்யும் க்யூ.ஆர்.எம்.பி. முறையில் இருப்பார்கள். அவர்கள் இடைப்பட்ட மாதங்களில் ஐ.எஃப்.எஃப். வழியாக பில்லை ஏற்றலாம், ஆனால் கட்டாயம் இல்லை. ஏற்றாவிட்டால் ஜூலையில் வாங்கியதன் வரி, அக்டோபர் 14-இல் தெரிந்து, அக்டோபர் 20 தாக்கலில்தான் கழியும். 30,800-க்கு அது 5,544 ரூபாய், தாங்கிக்கொள்ளலாம். மாதம் 4.5 லட்சத்துக்கு ராடு தருபவர் இந்த முறையில் இருந்தால் மாதம் 81,000. சப்ளையரிடம் இதை ஒருமுறை கேட்டு, தாளில் பெயருக்குப் பக்கத்தில் 'மாதம்' அல்லது 'காலாண்டு' என்று எழுதி வைப்பது நல்லது.

தாளை ஆறு மாதத்துக்கும் வாரவாரியாகப் போட முயல வேண்டாம். ஜூலை முதல் செப்டம்பர் வரை 13 வாரம், அதன்பின் மூன்று மாதம் மாதவாரியாக. முதல் எட்டு ஒன்பது வாரத்தின் வரவு ஏற்கெனவே போட்ட பில்களிலிருந்தே வரும் என்பதால், அதில் தேதியோடு பேசலாம். அதற்கு அப்பால் பில்லே இன்னும் பிறக்கவில்லை. அங்கே பங்கு போட்டுப் பார்ப்பதே சரி. கடந்த ஆண்டு லெட்ஜரில், ஒரு மாத விற்பனையில் அடுத்த மாதம் 15%, இரண்டாம் மாதம் 50%, மூன்றாம் மாதம் 30%, நான்காம் மாதம் 5% வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வரி சேர்த்து ஜூலை விற்பனை 14.16, ஆகஸ்ட் 13.00, செப்டம்பர் 11.80, அக்டோபர் 14.16 லட்சம் என்றால், நவம்பர் வரவு இப்படி வரும்: அக்டோபரில் 15% 2.12, செப்டம்பரில் 50% 5.90, ஆகஸ்டில் 30% 3.90, ஜூலையில் 5% 0.71. மொத்தம் 12.63 லட்சம். செப்டம்பரில் ஆர்டர் குறைந்ததை நவம்பரில்தான் பேங்க் உணர்கிறது.

செலவுப் பக்கம் 11.25 லட்சம், வாங்கியதன் ஜி.எஸ்.டி. 0.90, கட்ட வேண்டிய ஜி.எஸ்.டி. 1.26. இதோடு 2026-இல் தீபாவளி நவம்பர் 8. போனஸ் ஒரு மாதச் சம்பள அளவில், 3.20 லட்சம். மொத்தம் 16.61. மாதத்தில் 3.98 லட்சம் பள்ளம். மாத மொத்தம் அதைவிடப் பெரிய பள்ளத்தை மறைக்கிறது: போனஸ் முதல் வாரத்திலேயே போக வேண்டும், பெரிய வாடிக்கையாளரின் லிஸ்ட் 10-ஆம் தேதி, அதாவது பண்டிகைக்கு இரண்டாம் நாள். அக்கவுன்ட்ஸில் ஆள் இருப்பாரா என்பதே சந்தேகம். எனவே மாதவாரிப் பகுதியிலும் இந்த ஒரு மாதத்தை மட்டும் வாரவாரியாகப் பிரித்து, அந்த 10-ஆம் தேதி வரவை 25-க்குத் தள்ளி எழுதிப் பார்க்க வேண்டும்.

ஓ.டி. இருக்கிறதே என்று தோன்றும். லிமிட் 10 லட்சம் என்றாலும் எடுக்கக்கூடியது டிராயிங் பவர் வரைக்கும்தான், அதாவது கையில் உள்ள சரக்கு, வர வேண்டிய பாக்கி ஆகியவற்றில் பேங்கின் மார்ஜின் போக மிஞ்சும் தொகை வரைக்கும். மாதாமாதம் கொடுக்கும் ஸ்டாக் ஸ்டேட்மென்ட்டில் 90 நாளைத் தாண்டிய பாக்கியை பொதுவாக பேங்க் சேர்ப்பதில்லை. ஒரு சிறிய வாடிக்கையாளரின் 3 லட்சம் 90 நாளைத் தாண்டினால், 40% மார்ஜினில் டிராயிங் பவர் 1.8 லட்சம் குறையும். பணமும் வரவில்லை, கடன் வாசலும் சுருங்குகிறது, அதுவும் ஒரே மாதத்தில். அதனால் தாளில் ஓ.டி. வரியில் லிமிட்டை எழுதாமல், மாதவாரி டிராயிங் பவரை எழுத வேண்டும்.

நவம்பர் பள்ளம் ஜூலையிலேயே தெரிந்தால் கையில் சில வழிகள் இருக்கும். அக்டோபர் 25 லிஸ்ட்டுக்குள் விழ வேண்டுமானால், 71 நாள் கணக்கில் பில் ஆகஸ்ட் 15-க்குள் போயிருக்க வேண்டும். ஆகஸ்ட் முதல் பாதியில் அனுப்பும் சரக்குக்கு அன்றன்றே பில் போடுவது இதற்காகத்தான். வாடிக்கையாளர் ட்ரெட்ஸ் தளத்தில் இருந்தால், அவர் ஏற்றுக்கொண்ட பில்லை அங்கே டிஸ்கவுண்ட் செய்து பணத்தை முன்னதாகவே வாங்கலாம், வட்டி போகும். அவர் பில்லை அங்கே ஏற்றுக்கொள்ளவே 10 நாள் எடுத்தால் அந்த நாட்களையும் கணக்கில் சேர்க்க வேண்டும். புது டூல் ஹோல்டர் வாங்குவதை டிசம்பருக்குத் தள்ளுவது மூன்றாவது வழி.

சனிக்கிழமை மாலை தாளைத் திருத்தும்போது, எதிர்பார்த்த வரவு வராத ஒவ்வொரு பில்லுக்கும் ஒரு காரண எழுத்து போடுங்கள்: பில் நாமே தாமதமாக அனுப்பியதற்கு 'நா', சரக்கு ஏற்பு நுழைவு அவர்களிடம் நின்றதற்கு 'ஏ', ரேட் அல்லது ரிஜெக்‌ஷன் தகராறுக்கு 'த', லிஸ்ட்டில் விட்டுப்போனதற்கு 'லி'. எட்டு வாரத்தில் 'நா' நிறைய இருந்தால் நாள் கணக்கை மாற்ற வேண்டாம், டெஸ்பாட்சில் பில் போடும் நபரிடம் பேச வேண்டும். 'லி' நிறைய இருந்தால் லிஸ்ட் போடும் தேதிக்கு மூன்று நாள் முன்பே அக்கவுன்ட்ஸுக்கு ஒரு போன் போட வேண்டும்.