கையெழுத்துப் போட்டதும் காணாமல் போகிறவர்கள்

ஒப்பந்தம் கையெழுத்தாகிவிட்டது, முன்பணமும் வந்துவிட்டது. வெப்சைட் வேலையைத் தொடங்க லோகோ, படங்கள், 'எங்களைப் பற்றி' பக்கத்துக்கான எழுத்து, டொமைன் லாகின் வேண்டும். ஆனால் வாடிக்கையாளரிடமிருந்து சத்தமே இல்லை.

"ஏதாவது அப்டேட் உண்டா?" என்று கேட்டால் "இந்த வாரம் அனுப்புகிறேன்" என்பார்கள், அவ்வளவுதான். பெரும்பாலும் அவர்கள் மாட்டிக்கொள்வது அந்த 'எங்களைப் பற்றி'யில்தான். தன் தொழிலைப் பற்றித் தானே எழுத உட்கார்ந்தால் யாருக்கும் கை ஓடாது. அது முடிந்ததும் சேர்த்தே அனுப்பலாம் என்று லோகோவும் அங்கேயே கிடக்கும்.

அதனால் நான் இப்படி எழுதுகிறேன்:

"சார், இப்போதைக்கு லோகோவின் ஒரிஜினல் ஃபைல் மட்டும் போதும். உங்களிடம் இல்லையென்றால் வடிவமைத்தவரின் நம்பர் கொடுங்கள், நானே வாங்கிக்கொள்கிறேன். எழுத்துக்கு வியாழக்கிழமை 20 நிமிடம் போனில் பேசுவோம். நான் எழுதித் தருகிறேன், நீங்கள் திருத்தினால் போதும். மீதி வெள்ளிக்குள் வந்தால் திங்களன்று தொடங்கிவிடலாம். தள்ளிப்போனால் புதிய தேதி சொல்கிறேன்."

முடிக்கும் நாளை, எல்லாம் வந்து சேர்ந்த நாளிலிருந்துதான் கணக்கிடுவோம் என்று ஒப்பந்தத்திலேயே இருந்தால் அந்தக் கடைசி வரி மிரட்டலாகத் தெரியாது. அப்புறம், டொமைன் பாஸ்வேர்டை வாட்ஸ்அப்பில் வாங்காதீர்கள். அவர்கள் கணக்கிலேயே உங்களுக்கு அனுமதி தரச் சொல்லுங்கள்.